பிடதி வொண்டர்லா: வாரநாளா, வார இறுதி ஃபாஸ்ட்ராக்கா, முந்தின இரவே தங்கிவிடலாமா?

பெங்களூரில் பிள்ளைகளோடு இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி வருடத்தில் ஒரு முறையாவது வந்துவிடும். பெரும்பாலும் தர்மபுரியிலிருந்தோ சேலத்திலிருந்தோ அத்தை பிள்ளைகள் லீவுக்கு வந்து இறங்கும் வாரத்தில் வரும். வொண்டர்லா போகலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள். என்றைக்கு, எந்த டிக்கெட்டில், எத்தனை மணி வரைக்கும் என்பது மட்டும் பெரியவர்கள் தலையில் விழும். 2005-இல் திறந்த இந்தக் கேளிக்கைப் பூங்கா, மைசூர் ரோட்டில் நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. ஆனால் நாளைத் தப்பாகப் பிடித்தால் பகல் முழுக்க வரிசையில் கழிந்து, சின்னப் பிள்ளையின் அழுகையோடு முடியும்.

நம் முன் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரு வாரநாளில் லீவு போட்டு சாதாரண டிக்கெட்டில் போவது. சனி, ஞாயிறில் ஃபாஸ்ட்ராக், அதாவது தனி வரிசையில் சீக்கிரம் ஏறவிடுகிற கூடுதல் விலை டிக்கெட், வாங்கிக்கொண்டு போவது. வளாகத்துக்குள்ளேயே இருக்கும் ரிசார்ட்டில் முந்தின இரவு தங்கி, காலையில் நடந்து போய் நுழைவது. மூன்றில் எது நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஏனென்றால் வரிசை ஒருவர் பிரச்சினை, அசதி இன்னொருவர் பிரச்சினை. நீண்ட வரிசை நிற்பது பெரிய ரைடுகளில். அங்கே ஏற முடிகிறவர்கள் உயரமானவர்கள். மூன்று மணிக்குத் துவண்டு விழுவதோ அந்த ரைடுகளில் ஏறவே முடியாத நான்கு வயதுக்காரர். ஒன்றுக்குச் செலவழிக்கிற பணம் மற்றதைத் தீர்க்காது. இதைப் பிரித்துப் பார்க்காமல் டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

அதனால் முதலில் வீட்டுச் சுவரில் உயரத்தை அளந்துவிடுங்கள், செருப்பு இல்லாமல். அங்கே வயது கணக்கில் இல்லை. 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட் வேண்டாம். 85-இலிருந்து 140 வரை குழந்தை டிக்கெட், அதற்கு மேல் பெரியவர் டிக்கெட். ஏழாம் வகுப்பில் ஓங்கி வளர்ந்துவிட்ட பையனுக்குப் பெரியவர் விலைதான், கவுண்டரில் வாதாடிப் பயனில்லை. இதே உயரம் ரைடு வாசலிலும் வரும். ரீகாயில் போன்ற பெரிய ரைடுகளில் பலவற்றுக்கு 140 செ.மீ.யை ஒட்டித்தான் எல்லை இருக்கிறது. ஒவ்வொரு ரைடுக்கும் என்ன உயரம் என்பது அவர்களுடைய இணையதளத்தில் இருக்கிறது. போகும் முன் பிள்ளையை உட்காரவைத்து, 'இது உனக்கு, இது இந்த வருஷம் இல்லை' என்று சொல்லிவிட்டால் பாதி அழுகை வீட்டிலேயே முடிந்துவிடும். நாற்பது நிமிடம் வரிசையில் நின்று, வாசலில் அளவுகோலுக்குக் கீழே இரண்டு விரல் குறைந்து, எல்லார் முன்னாலும் திருப்பி அனுப்பப்படுகிற ஒன்பது வயதுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு அந்த நாளை மீட்பது கஷ்டம்.

இனி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். வீடு ஹலசூரில். அப்பா, அம்மா. ஒன்பது வயது மகள் 132 செ.மீ. நான்கு வயது மகன் 101 செ.மீ. தர்மபுரியிலிருந்து வந்திருக்கும் அத்தை மகனுக்குப் பதினாலு வயது, 153 செ.மீ. ஆக மூன்று பெரியவர் டிக்கெட், இரண்டு குழந்தை டிக்கெட். பெரிய ரைடுகளுக்கு உண்மையாகவே ஆசைப்படுகிறவர் இந்த ஐந்தில் ஒருவர், அவர் கூடத் துணைக்குப் போகும் மாமா இன்னொருவர். பையனுக்குக் குட்டி ரைடுகளும் ஆழமில்லாத தண்ணீரும் போதும். நடுவில் மாட்டிக்கொள்கிறவள் மகள். குட்டி ரைடுகள் அவளுக்குச் சலித்துவிடும், பெரியவற்றில் ஏற்ற மாட்டார்கள். அவளுக்கான இடம் தண்ணீர்ப் பக்கம்தான். இப்படி ஆள் வாரியாகப் பார்த்தால் எந்த வழி யாருக்கு உதவுகிறது என்பது தெளிவாகிவிடும்.

வரிசையின் கணக்கு

ஒரு ரைடின் வரிசை நீளத்தைப் பார்த்து மிரள வேண்டாம், அது எவ்வளவு வேகமாக விழுங்குகிறது என்று பாருங்கள். ஒரு சுற்றில் எத்தனை பேர் ஏறுகிறார்கள், ஒரு சுற்று கிளம்பி அடுத்த சுற்று கிளம்ப எத்தனை நிமிடம் ஆகிறது, இந்த இரண்டும் போதும். இருபத்து நாலு பேர் ஏறி, நாலு நிமிடத்துக்கு ஒரு சுற்று போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முன்னால் 120 பேர் இருந்தால் ஐந்து சுற்று, இருபது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் 300 பேர் நின்றால் ஐம்பது நிமிடம். பெல்ட் மாட்டி, சரிபார்த்து, செருப்பையும் கண்ணாடியையும் வாங்கி வைக்கிற நேரம்தான் சுற்றை இழுக்கிறது. ஓடுகிற நேரம் ரொம்பக் குறைவு. அதனால் ஒரே ஒரு ரயில் ஓடுகிற கோஸ்டரும், ஒரு நேரத்தில் ஒரு மிதவையை மட்டும் அனுப்புகிற சறுக்கும் எப்போதும் மெதுவாகத்தான் நகரும். வேவ் பூலுக்கும் ரெயின் டிஸ்கோவுக்கும் வரிசை என்ற ஒன்றே கிடையாது. கூட்டம் இருந்தால் நெரிசல் இருக்கும், அவ்வளவுதான்.

ஃபாஸ்ட்ராக் என்பது இந்தக் கணக்கில் ஒரு பக்கக் கதவு. அந்தக் கதவு வழியாக ஒவ்வொரு சுற்றிலும் பாதி இருக்கைகள் நிரம்பினால், சாதாரண வரிசைக்கு மிஞ்சுவது பாதி. மேலே சொன்ன ஐம்பது நிமிடம் நூறு நிமிடமாகிவிடும். ஆகவே கூட்டம் அதிகமான நாளில் ஃபாஸ்ட்ராக் வாங்காதவர்களுக்கு வலி இரட்டிப்பு. இன்னொரு பக்கம், கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமையில் அதை வாங்கினால் பத்து நிமிடக் காத்திருப்பை ஐந்தாக்க ஒரு பெருந்தொகை கொடுத்தது போலாகும்.

வார இறுதியில் ஃபாஸ்ட்ராக்

நம் குடும்பம் சனிக்கிழமை போகிறது என்று வைத்துக்கொள்வோம். அத்தை மகன் ஆறு பெரிய ரைடுகள் கேட்கிறான். ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் என்றால் நாலரை மணி நேரம் வரிசையிலேயே போகிறது. பூங்கா திறந்திருப்பதே பொதுவாக ஏழு, எட்டு மணி நேரம். வாரநாளில் காலை 11 முதல் மாலை 6 வரை, வார இறுதியில் ஒரு மணி நேரம் கூடுதல். ஃபாஸ்ட்ராக் இருந்தால் அந்த நாலரை மணி ஒன்றரை மணியாகச் சுருங்கலாம். அவனுக்கும் கூடப் போகும் மாமாவுக்கும் மூன்று மணி நேரம் மிச்சம். இது நியாயமான வியாபாரம்.

ஐந்து பேருக்கும் வாங்கினால்தான் அது நஷ்டம். பையனுக்கு அது ஒன்றுமே செய்யாது. அவன் ஏறுகிறவற்றில் பெரிய வரிசை இல்லை. மகளுக்கு ஓரளவு உதவும், தண்ணீர்ச் சறுக்குகளில். அம்மா பையனோடு இருக்கப் போகிறார் என்றால் அவருக்கும் தேவையில்லை. ஆக இரண்டு ஃபாஸ்ட்ராக், மூன்று சாதாரணம் என்று கலந்து வாங்குவதுதான் கெட்டிக்காரத்தனம். குடும்பம் பிரிந்து நிற்கும் என்பது இதன் விலை. கூட்டத்தில் போன் லாக்கரில் கிடக்கும், கையில் இருக்காது. எனவே எத்தனை மணிக்கு எந்த உணவகத்தின் முன்னால் என்று வாயால் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஃபாஸ்ட்ராக்கால் தீராத வரிசைகளும் உண்டு. லாக்கர், உடை மாற்றும் அறை, சாப்பாட்டுக் கவுண்டர், கழிவறை, பார்க்கிங்கிலிருந்து வெளியேறுவது. வார இறுதியில் சின்னப் பிள்ளைக்காரர்களை வாட்டுவது இவைதான். ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு உடை மாற்றும் அறை வாசலில் பத்து நிமிடம் நிற்கிற குழந்தை, ரைடு வரிசையில் அரை மணி நின்றதைவிட அதிகம் களைத்துப் போகும். அதோடு ஞாயிற்றுக்கிழமை மாலை என்றால் மைசூர் பக்கம் போய்த் திரும்புகிற வண்டிகள் எல்லாம் கும்பலகோடு, கெங்கேரியில் சேர்ந்துகொள்ளும். வார இறுதிதான் ஒரே வழி என்றால் சனிக்கிழமையைப் பிடியுங்கள். மறுநாள் தூங்கிக் கழிக்கலாம். திங்கள் காலை ஸ்கூல் வேனுக்கு எழுப்ப வேண்டிய பிள்ளையை ஞாயிறு ராத்திரி வீட்டுக்குக் கொண்டுவருவதில் புத்தியில்லை.

வாரநாள், ஆனால் எந்த வாரநாள்?

என் ஓட்டு வாரநாளுக்குத்தான். ஆனால் 'வாரநாள் என்றால் காலி' என்று நம்பிப் போகிறவர்கள் ஏமாறுவது ஸ்கூல் டூரில். நவம்பரிலிருந்து ஜனவரி வரை கர்நாடகப் பள்ளிகளின் சுற்றுலாக் காலம். ஒரு வியாழக்கிழமை நீங்கள் போய் இறங்கும்போது பார்க்கிங்கில் பத்துப் பதினைந்து பேருந்துகள் வரிசையாக நின்றால், ஒவ்வொன்றிலும் ஐம்பது பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அத்தனை பேரும் ஒரே டி-ஷர்ட்டில், ஒரே நேரத்தில், ஒரே ரைடு முன்னால் வந்து நிற்பார்கள். அப்படி ஒரு நாளில் மாட்டிக்கொண்டாலும் ஒரு வழி இருக்கிறது. பள்ளிப் பேருந்துகள் இருட்டும் முன் ஊர் சேர வேண்டியவை. ஆசிரியர்கள் நாலு, நாலரைக்கெல்லாம் தலை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். வளர்ந்த பிள்ளைகள் மட்டும் இருந்தால் கடைசி ஒன்றரை மணி நேரம் உங்களுடையது.

இரண்டு மாநில நாட்காட்டி வைத்திருக்கிற நமக்கு இதில் ஒரு வசதி இருப்பது போலத் தோன்றும். பொங்கலுக்குத் தமிழ்நாட்டில் தொடர்ந்து சில நாள் விடுமுறை. இங்கே சங்கராந்தி ஒரே நாள்தான். மறுநாள் இங்கே பள்ளி, ஆபீஸ் எல்லாம் நடக்கும், ஊரிலிருந்து வந்த பிள்ளைக்கோ லீவு. ஆனால் இதே கணக்கை ஓசூரும் கிருஷ்ணகிரியும் போடும். அவர்களுக்கும் வொண்டர்லா ஒரு நாள் பயணம்தான். ஜனவரி ஸ்கூல் டூர் வேறு சேர்ந்துகொள்ளும். அந்த நாள் காலியாக இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். தசராவுக்கும் இதே கதை. அக்டோபரில் இங்கே பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை, அந்த வாரநாட்கள் வாரநாட்களே அல்ல. ஏப்ரல், மே சொல்லவே வேண்டாம்.

நான் பிடிக்கச் சொல்வது இரண்டு இடைவெளிகளை. குடியரசு தினம் கழிந்து மார்ச் நடுப்பகுதி வரை ஒன்று. டூர் சீசன் முடிந்திருக்கும், பரீட்சை நெருங்குவதால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், வெயிலும் இன்னும் ஏறியிருக்காது. மற்றது, பள்ளி திறந்த பிறகு ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் முதல் வாரம் வரை. பெங்களூர் ஜூலை மேகமூட்டமாகவும் தூறலாகவும் இருக்கும், ஆனால் வெளுத்து வாங்காது. தூறலில் ரைடுகள் பெரும்பாலும் ஓடும். இடி, மின்னலோடு பெய்தால்தான் வெளி ரைடுகளை நிறுத்துவார்கள். அது இங்கே ஏப்ரல், மே மாலைகளிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம். இந்த இரண்டு இடைவெளியிலும் செவ்வாய், புதன், வியாழன். திங்களும் வெள்ளியும் நீண்ட வார இறுதியோடு ஒட்டிக்கொள்ளும் அபாயம் உள்ளவை.

நாள் சரிதானா என்று பார்க்க ஒரு சுலபமான வழி, டிக்கெட் விலை. ஒரே டிக்கெட்டுக்கு நாளுக்கு நாள் விலை மாறுகிறது. இணையத்தில் இரண்டு வாரத்துக்கான விலையை ஓட்டிப் பார்த்தால், எந்த நாளில் கூட்டம் வரும் என்று அவர்களே எதிர்பார்க்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். டிக்கெட் விலைதான் அந்த நாளின் ஜாதகம்.

லீவு போடுவது பற்றி வீட்டில் வாக்குவாதம் வரும். மூன்றாம், நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு நாள் பள்ளிக்குப் போகாவிட்டால் குடி முழுகிவிடாது என்பது என் கட்சி. டெஸ்ட் நாளாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாத்தா, பாட்டி ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது தனிப் பஞ்சாயத்து. ஊர்ப் பிள்ளையின் லீவு இந்த இடைவெளிகளில் விழாது என்பதுதான் உண்மையான சங்கடம். தமிழ்நாட்டில் காலாண்டுத் தேர்வு விடுமுறை செப்டம்பர் கடைசியில் வரும். அப்போது இங்கே தசரா விடுமுறை தொடங்கியிருக்காவிட்டால் அந்த ஓரிரு நாள் வாய்க்கும். தொடங்கிவிட்டிருந்தால் ஃபாஸ்ட்ராக்தான்.

அந்த நாளை எப்படி நடத்துவது

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, ஊர்ப் பையன் எப்படியோ ஒரு நாள் லீவு வாங்கிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஹலசூரிலிருந்து எட்டேகாலுக்குக் கிளம்ப வேண்டும். எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருப்பவர்களுக்கு நைஸ் ரோடு இருக்கிறது. ஹலசூர்க்காரர்கள் நகரத்தின் குறுக்கே வெட்டித்தான் மைசூர் ரோட்டைப் பிடிக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்வேயில் ஏறிவிட்டால் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. எந்த இடத்தில் சர்வீஸ் ரோட்டுக்கு மாறுவது என்பதை முன்பே மேப்பில் பார்த்துவைக்காவிட்டால் பிடதியைத் தாண்டிப் போய்த் திரும்பி வருவீர்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பிடதியில் தட்டை இட்லி சாப்பிடலாம். சும்மா ருசிக்காகச் சொல்லவில்லை. வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தை உணவு மட்டும் விலக்கு. பத்து மணிக்கு வயிறு நிறைந்த நான்கு வயதுப் பையன் பன்னிரண்டே கால் வரை தாங்குவான். காலையில் அவசரமாக ஒரு டம்ளர் பாலோடு கிளம்பியவன் பதினொன்றரைக்கே ஐஸ்கிரீம் கேட்டு உட்கார்ந்துவிடுவான்.

பதினொரு மணிக்குக் கதவு திறந்ததும் மாமாவும் அத்தை மகனும் நேராக ரீகாயிலுக்குப் போக வேண்டும். வழியில் கண்ணில் படுகிற முதல் ரைடில் எல்லாரும் ஏறுவார்கள். அதில் நிற்கக் கூடாது. மெதுவாக விழுங்குகிற ரைடை வரிசை சேரும் முன் முடித்துவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் குட்டி ரைடுகள் பக்கம்.

தண்ணீர் ரைடுகள் பொதுவாகப் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி, வாரநாளில் ஐந்துக்கு முடிகின்றன. இந்த இரண்டு நேரமும்தான் பூங்காவின் நாடித்துடிப்பையே முடிவு செய்கின்றன. பன்னிரண்டுக்கு ஆரம்பித்து, ஒன்றிலிருந்து நாலு வரை மொத்தக் கூட்டமும் தண்ணீரில் கிடக்கும். ஐந்தடித்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உடை மாற்றும் அறைக்கும், பிறகு உலர்ந்த ரைடுகளுக்கும் பாய்வார்கள். அதற்கு எதிராக நடந்துகொண்டால் வரிசை பாதியாகிவிடும். பெரிய பிள்ளைகள் பன்னிரண்டுக்கே தண்ணீரில் இறங்கி, மிதவையில் போகிற சறுக்குகளை முதல் முக்கால் மணியில் முடித்துவிட வேண்டும். வேவ் பூலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம், அதற்கு வரிசை இல்லை. இரண்டு மணிக்குச் சாப்பாடு. இரண்டரையிலிருந்து நாலு வரை, ஊரே நனைந்துகொண்டிருக்கும்போது உலர்ந்த ரைடுகள்.

சின்னவனுக்கு வேறு அட்டவணை. பன்னிரண்டே காலுக்கு, உணவகம் காலியாக இருக்கும்போதே, அம்மாவோடு உட்கார்ந்து சாதம். ஒரு மணிக்கு ஆழமில்லாத தண்ணீர். இரண்டே காலுக்கு வெளியே வந்து, துவட்டி, முழுக்க உலர்ந்த துணிக்கு மாற்றி, நிழலில் தள்ளுவண்டியில் தூக்கம். துண்டு ஒன்று கூடுதலாக, வண்டிமேல் போர்த்த. சத்தத்தில் தூங்குவானா என்று கேட்பார்கள். தண்ணீரில் ஆடிய பிள்ளைக்குச் சத்தம் பொருட்டில்லை, வெளிச்சம்தான் பொருட்டு. கொடுமை என்னவென்றால், அசந்த பிள்ளை அசதியைக் காட்டுவது ஆட்டத்தில்தான். ஒன்றுமில்லாததற்கு உரக்கச் சிரிப்பான், சமதரையில் இடறுவான், காலையில் மூன்று முறை ஏறிய ரைடை வேண்டாம் என்பான், செருப்பு கழன்றாலும் மாட்டிக்கொள்ளாமல் ஓடுவான். 'இன்னும் தெம்பாத்தானே இருக்கான்' என்று பெரியவர்கள் ஏமாறுகிற நேரம் அது. அதிலிருந்து அழுகைக்குப் பதினைந்து நிமிடம்தான். உதடு நிறம் மாறி, தோள் நடுங்கினால் அது அசதி மட்டுமல்ல, குளிர். உடனே வெளியே எடுக்க வேண்டும், 'இன்னும் ஒரே ஒரு தடவை' கிடையாது. நைலான் நீச்சல் உடைதான் அனுமதி, பருத்திச் சட்டையைத் தண்ணீரில் விடமாட்டார்கள். வீட்டிலிருந்தே கொண்டுபோனால் அங்கே கடை வரிசை ஒன்று மிச்சம்.

நாலே கால், நாலரைக்கு வெளியேற வேண்டும். அத்தை மகன் 'இன்னும் ஒரு ரவுண்டு மாமா' என்பான். ஐந்து மணிக் கூட்டத்துக்கு முன் பார்க்கிங்கைத் தாண்டினால் ஆறரை சுமாருக்கு வீடு. மதியம் ஒரு மணி நேரம் தூங்கிய சின்னவன் வண்டியில் தூங்க மாட்டான். ஏழரைக்கு ரசஞ்சாதம், எட்டரைக்குப் படுக்கை. மதியத் தூக்கம் நடக்கவில்லை என்றால் திட்டம் மாற வேண்டும். அவன் வண்டியில் ஏறியதும் சாய்ந்துவிடுவான், ஆறரைக்கு எழுந்து பதினொன்று வரை ஆடுவான். அதைத் தவிர்க்க இரண்டே வழி. மூன்றேகாலுக்கே அவனை வண்டியில் ஏற்றித் தூங்கவைத்து ஐந்துக்குள் எழுப்பிவிடுவது. இல்லையென்றால், மூடுகிற ஆறு மணி வரை இருந்து, அங்கேயே சாப்பிடவைத்து, பல் தேய்த்து, இரவு உடை போட்டு ஏற்றி, வீட்டில் தூக்கிக்கொண்டு போய் நேராகப் படுக்கையில் போடுவது. நடுவில் விழுகிற நேரம்தான் ஆபத்து.

தங்கினால்?

ரிசார்ட்டில் தங்குவதை ஆடம்பரம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது வரிசையைக் குறைக்காது என்பது உண்மை. சனிக்கிழமை உள்ளே இருக்கிற கூட்டம் ரிசார்ட்காரருக்கும் அதே கூட்டம்தான். அது தீர்ப்பது அசதியை. காலை ஆறரைக்கு எழுப்பி மைசூர் ரோட்டில் இழுத்துக்கொண்டு போவது இல்லை. மதியம் இருட்டறையில், மின்விசிறிக்கடியில், நிஜக் கட்டிலில் தூக்கம். மாலையில் பயணமில்லை. மூன்று வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பிள்ளைகள் இருந்து, வாரநாள் லீவும் கிடைக்காது என்றால் நான் ஃபாஸ்ட்ராக்குக்குக் கொடுக்கிற பணத்தை இங்கேதான் போடுவேன். முன்பதிவு செய்யும்போது, மதியம் அறைக்குப் போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே விடுவார்களா என்பதை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விடமாட்டார்கள் என்றால் தங்குவதில் பாதி லாபம் போய்விடும்.

நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது, சின்னவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் தயங்காமல் செய்யலாம். நான்கு வயதில் விஷயம் தெரிந்துவிடும், திரும்பி வந்ததும் அக்கா வாயை மூட முடியாது.

இந்த ஹலசூர் குடும்பத்துக்கு என் தீர்ப்பு, பிப்ரவரியிலோ ஜூலையிலோ ஒரு புதன்கிழமை, ஐந்து சாதாரண டிக்கெட், நாலரைக்கு வெளியே. ஊர்ப் பிள்ளையின் லீவு தசராவில்தான் விழுகிறது என்றால், ஒரு சனிக்கிழமை, அவனுக்கும் மாமாவுக்கும் மட்டும் ஃபாஸ்ட்ராக், அம்மாவும் சின்னவர்களும் மூன்றேகாலுக்குத் தனி வண்டியில் முன்னால் கிளம்பிவிடுவது. கேப் செலவு மூன்றாவது ஃபாஸ்ட்ராக்கின் செலவை ஒட்டித்தான் வரும், பிரயோஜனம் அதைவிட அதிகம். பிள்ளைகள் எல்லாரும் 140-ஐத் தாண்டிய வீட்டில் இவ்வளவு யோசனையே தேவையில்லை. சனிக்கிழமை, எல்லாருக்கும் ஃபாஸ்ட்ராக், மூடுகிற வரை இருந்துவிட்டு வரலாம்.